கை வர்க்கமா, அனோவாவா, இணைபா? ஆய்வேட்டுத் தரவுக்குச் சோதனை தெரிவதும் முடிவை எழுதுவதும்

வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் தரவை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்த பிறகு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு எந்த டெஸ்ட் போடுறது?" வினாக்கொத்தில் ஒவ்வொரு கேள்வியையும் எந்த வடிவத்தில் கேட்டோம் என்பதிலேயே அதற்கான விடை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி வினாக்கொத்தில் தொடங்கி, முடிவை ஆய்வேட்டில் எழுதும் வசனத்தில் முடிகிறது.

முழுவதும் ஒரே உதாரணத்தையே வைத்துக்கொள்வோம். இரணைமடு போன்ற ஒரு பெருங்குளத்தின் கீழ் நெல் செய்யும் 120 கமக்காரரிடம் ஒரு மாணவி தரவு எடுக்கிறார். வாய்க்காலின் தலைப்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி ஒவ்வொன்றிலும் 40 பேர். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்தக் குளத்தினதும் உண்மைத் தரவாக இவற்றை எடுத்தாள வேண்டாம்.

## 1. வினாக்கொத்து அடிக்குமுன் செய்ய வேண்டியது

எண்ணாகக் கேட்கக்கூடியதை எண்ணாகவே கேளுங்கள். விளைச்சலை "1000 கிலோவுக்குக் கீழ் / 1000–1500 / 1500க்கு மேல்" என்று பெட்டி போட்டுக் கேட்டால் கையில் வகைகள் மட்டுமே மிஞ்சும். சராசரி எடுக்க முடியாது. அனோவாவும் பியர்சன் இணைபும் கைநழுவிப் போகும். எண்ணாக வாங்கியதைப் பிறகு வகையாக்கலாம். வகையாக வாங்கியதை எண்ணாக்க வழியில்லை. வருமானம் மட்டும் விதிவிலக்கு: நேரே கேட்டால் பலர் சொல்லத் தயங்குவார்கள், அங்கே பெட்டிதான் நடைமுறை. அப்படிச் செய்தால் வருமானம் ஒரு வரிசைப்பட்ட வகை மாறி என்பதை அன்றே குறித்து வையுங்கள்.

அலகையும் களத்திலேயே ஒன்றாக்குங்கள். கமக்காரர் விளைச்சலை மூடைக் கணக்கில்தான் சொல்வார். மூடையின் எடை ஆளுக்காள் மாறும். எத்தனை மூடை, ஒரு மூடை எத்தனை கிலோ, எத்தனை ஏக்கர் என்று மூன்றையும் கேட்டு, ஏக்கருக்கு எத்தனை கிலோ என நீங்களே கணக்கிட்டு ஏற்றுங்கள். மூடை எண்ணிக்கையை அப்படியே ஏற்றினால் ஐந்து ஏக்கர் செய்தவர் இரண்டு ஏக்கர் செய்தவரைவிட நல்ல விளைச்சல் எடுத்தவராகத் தெரிவார்.

மூன்றாவது, ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். மூன்று சோதனைகளும் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஆளுடையது, ஒருவரின் விடை மற்றவரின் விடையில் தங்கியிருக்கவில்லை என்ற அடிப்படையில் நிற்பவை. தகப்பனும் மகனும் ஒரே வயலைப் பற்றித் தனித்தனியே சொன்னால் 120 என்பது உண்மையான 120 ஆகாது. இதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

## 2. ஒவ்வொரு நோக்கத்தையும் ஒரு கேள்வி வசனமாக எழுதுங்கள்

"சிறுபோகச் செய்கையைத் தாக்கும் காரணிகளை ஆராய்தல்" என்ற நோக்கத்தை வைத்துக்கொண்டு சோதனை தெரிய முடியாது. இரண்டு மாறிகளின் பெயர் வரும்படி அதை உடைக்க வேண்டும். எங்கள் மாணவிக்கு மூன்று கேள்விகள்:

அ. வயல் வாய்க்காலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதற்கும், அவர் சிறுபோகம் செய்தாரா இல்லையா என்பதற்கும் தொடர்பு உண்டா?

ஆ. காலபோகத்தில் ஏக்கருக்கான சராசரி விளைச்சல் மூன்று பகுதிகளுக்கும் இடையே வேறுபடுகிறதா?

இ. துருசிலிருந்து வயலுக்குள்ள தூரம் கூடக் கூட காலபோக விளைச்சல் குறைகிறதா?

ஒவ்வொரு மாறியின் பக்கத்திலும் "வகை" அல்லது "எண்" என்று எழுதுங்கள். பகுதி வகை. சிறுபோகம் செய்தாரா என்பதும் வகை. விளைச்சல் எண். கிலோமீற்றரில் அளந்த தூரமும் எண்.

## 3. சோதனையைத் தெரிதல்

இரண்டும் வகையென்றால் கை வர்க்கம். ஒன்று வகை, மற்றது எண், வகையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் என்றால் அனோவா. குழு இரண்டே என்றால் t சோதனை போதும். இரண்டும் எண்ணென்றால் இணைபு. ஆகவே அ-வுக்குக் கை வர்க்கம், ஆ-வுக்கு அனோவா, இ-க்கு இணைபு.

இங்கே இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, குறியீட்டு எண்ணை உண்மை எண்ணாக எடுப்பது. கிளிநொச்சி 1, முல்லைத்தீவு 2, வவுனியா 3, மன்னார் 4 என்று ஏற்றியிருப்பீர்கள். அந்த நிரலை இணைபுக்குள் போட்டால் மென்பொருள் மறுப்பின்றி ஒரு விடை தரும். மாவட்டங்களின் வரிசையை மாற்றிக் குறியிட்டால் விடையும் மாறும். அப்படி மாறக்கூடிய விடைக்குப் பொருளே இல்லை. தரவை ஏற்றும்போதே எஸ்பிஎஸ்எஸ்ஸின் `Variable View` பகுதியில் `Measure` நிரலில் ஒவ்வொரு மாறிக்கும் `Nominal`, `Ordinal`, `Scale` என்று சரியாகக் குறித்துவிட்டால், பிறகு தெரிவு செய்யும்போது கண்ணில் படும்.

இரண்டாவது, ஒரே ஆளின் இரண்டு அளவீடுகளை இரண்டு குழுவாக எடுப்பது. அதே கமக்காரரின் காலபோக விளைச்சலையும் சிறுபோக விளைச்சலையும் ஒப்பிட்டால் அவை சோடி அளவீடுகள். சாதாரண அனோவா பொருந்தாது, சோடி t சோதனை வேண்டும். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று ஒரே ஆட்களிடம் "ஆம் / இல்லை" கேட்டிருந்தால் கை வர்க்கத்துக்குப் பதிலாக மக்நெமர் சோதனை.

"முற்றாக உடன்படுகிறேன்" முதல் "முற்றாக மறுக்கிறேன்" வரையான ஐந்து படி விடைகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தனியொரு கூற்றின் விடை வரிசைப்பட்ட வகை. அதற்குப் பியர்சனை விட்டு ஸ்பியர்மன் இணைபைப் போடுங்கள். ஒரே விடயத்தை அளக்கும் பல கூற்றுகளைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால், அந்தப் புள்ளியை எண்ணாகக் கொள்வதைப் பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் ஏற்பார்கள். கூட்டுமுன், அந்தக் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்குக் குரோன்பாக் அல்பாவைக் காட்ட வேண்டும்.

## 4. கை வர்க்கம்: போடுவதும் எழுதுவதும்

முதலில் குறுக்கு அட்டவணையைப் பாருங்கள். சிறுபோகம் செய்தவர்கள் தலைப்பகுதியில் 30, நடுப்பகுதியில் 24, கடைப்பகுதியில் 15. மொத்தம் 69 பேர் செய்தார்கள், 51 பேர் செய்யவில்லை.

```
CROSSTABS
  /TABLES=pakuthi BY sirupogam
  /STATISTICS=CHISQ PHI
  /CELLS=COUNT EXPECTED ROW ASRESID.
```

இந்தச் சோதனை என்ன செய்கிறது என்பதைக் கையால் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. இடத்துக்கும் செய்கைக்கும் தொடர்பே இல்லையென்றால் 69 பேரும் மூன்று பகுதிக்கும் சமமாக, பகுதிக்கு 23 பேராக, பிரிந்திருக்க வேண்டும். செய்யாதவர்கள் பகுதிக்கு 17. இவை எதிர்பார்க்கும் எண்ணிக்கைகள். ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கித்து, எதிர்பார்த்ததால் பிரித்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இரண்டு நிரலிலும் வர்க்கங்களின் கூட்டு 49 + 1 + 64 = 114, ஆகவே 114/23 + 114/17 = 11.66. இதுதான் χ².

வெளியீட்டில் p-ஐ வாசிக்குமுன் அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். எத்தனை கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் குறைவு என்று அங்கே இருக்கும். ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட கட்டங்கள் அப்படியிருந்தாலோ, ஏதாவது கட்டம் 1-க்குக் கீழே போனாலோ அந்த p-ஐ நம்பக்கூடாது. கல்வித் தரத்தை ஏழு வகையாகப் பிரித்துக் கேட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பொருள் கெடாமல் பக்கத்து வகைகளைச் சேர்க்கலாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையென்றால் ஃபிஷர் சோதனையின் p-ஐ எடுக்கலாம். p குறையும் வரை வகைகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பது கூடாது. எப்படிச் சேர்ப்பது என்பதை முடிவைப் பார்க்குமுன் தீர்மானியுங்கள்.

சதவீதங்களை ஏற்றிக் கை வர்க்கம் போடுவது இன்னொரு வழமையான பிழை. இந்தச் சோதனைக்கு ஆட்களின் எண்ணிக்கைதான் வேண்டும். 40 பேரில் 30 என்பதும் 400 பேரில் 300 என்பதும் ஒரே 75%. ஆனால் தரும் சான்றின் பலம் ஒன்றல்ல. அதேபோல "பொருந்தும் எல்லாவற்றையும் குறிக்கவும்" என்ற கேள்வியின் விடைகளைச் சேர்த்து ஒரே அட்டவணையாக்கினால் ஒருவர் பல கட்டங்களில் எண்ணப்படுவார். ஒவ்வொரு தெரிவையும் தனியே ஆம்/இல்லை மாறியாக எடுங்கள்.

p சிறிதாக வந்தால் "தொடர்பு உண்டு" என்பது மட்டும்தான் தெரியும். எந்தப் பகுதியால் வந்தது என்பதைச் சீராக்கிய மீதிகள் சொல்லும், கூட்டல் கழித்தல் குறியைப் பாராமல் 1.96-ஐத் தாண்டிய கட்டங்களைக் கவனியுங்கள். எங்கள் அட்டவணையில் "செய்தார்" நிரலில் தலைப்பகுதி 2.74, நடுப்பகுதி 0.39, கடைப்பகுதி −3.13. ஆகவே நடுப்பகுதி பொதுப் போக்கோடுதான் போகிறது. விலகுவன இரு முனைகளும்தான்.

எழுதும் முறை:

> சிறுபோகம் செய்தவர்களின் விகிதம் தலைப்பகுதியில் 75% (30/40), நடுப்பகுதியில் 60% (24/40), கடைப்பகுதியில் 37.5% (15/40) ஆகும். வயலின் அமைவிடத்துக்கும் சிறுபோகச் செய்கைக்கும் இடையில் பொருளுண்மையான தொடர்பு காணப்பட்டது, χ²(2, N = 120) = 11.66, p = .003, கிரேமரின் V = .31. எதிர்பார்த்ததைவிடத் தலைப்பகுதியில் கூடுதலானோரும் கடைப்பகுதியில் குறைவானோரும் செய்கையில் ஈடுபட்டிருந்தனர்.

சதவீதம் முதலில், சோதனை பின்னால். பரீட்சகர் தேடுவது கமக்காரரைப் பற்றிய செய்தியை. சோதனை அதற்குச் சான்று. V-ஐயும் விடாதீர்கள். மாதிரி பெரிதானால் அற்பத் தொடர்புக்கும் p சிறிதாக வரும், தொடர்பு எவ்வளவு பலமானது என்பதை V-தான் காட்டும். கோஹனின் அளவுகோலில் இப்படியான அட்டவணைக்கு .3 நடுத்தரம்.

"அமைவிடம் சிறுபோகத்தைத் தாக்குகிறது" என்று எழுத வேண்டாம். சிறுபோகத்தில் குளத்து நீர் மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில்தான் எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். கடைப்பகுதிக்காரர் செய்யாமல் விட்டது அவரது விருப்பமா, கூட்டத் தீர்மானமா, தண்ணீர் வந்து சேராததா என்பதை இந்த அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது. அதை அறிய வினாக்கொத்தில் "ஏன் செய்யவில்லை" என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

## 5. அனோவா: போடுவதும் எழுதுவதும்

காலபோகத்தில் ஏக்கருக்கான சராசரி விளைச்சலும் நியம விலகலும் இவை: தலைப்பகுதி 1850 கிலோ (300), நடுப்பகுதி 1780 (310), கடைப்பகுதி 1620 (320).

```
ONEWAY vilaichal BY pakuthi
  /STATISTICS=DESCRIPTIVES HOMOGENEITY WELCH
  /POSTHOC=TUKEY GH ALPHA(0.05).
```

வெளியீட்டை வாசிக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் சராசரி அட்டவணை. அடுத்து லெவீன் சோதனை: மூன்று குழுவின் சிதறலும் ஏறத்தாழ ஒத்ததா என்பதை அது பார்க்கிறது. இங்கே p .05-க்கு மேல் இருந்தால் நல்லது. மற்றச் சோதனைகளில் சிறிய p-ஐத் தேடிப் பழகியவர்கள் இந்த இடத்தில் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். .05-க்குக் கீழே வந்தால் வழமையான F-ஐ விட்டு வெல்ச் வரியையும், சோடி சோடியாக ஒப்பிடும் தூக்கி முறைக்குப் பதிலாக கேம்ஸ்–ஹவல் முறையையும் எடுங்கள். எங்கள் நியம விலகல்கள் 300, 310, 320 என்று நெருக்கமாக இருப்பதால் வழமையான F போதும்.

F என்பது குழுக்களுக்கு இடையேயான மாறுபாட்டைக் குழுக்களுக்கு உள்ளே இருக்கும் மாறுபாட்டால் பிரித்தது. இங்கே 556,000 / 96,167 = 5.78. தலைப்பகுதிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் விளைச்சல் பெரிதும் வேறுபட்டிருந்தால் கீழே உள்ள எண் பெருத்து F சிறுக்கும். விளைவின் அளவுக்கு, அட்டவணையின் `Between Groups` வர்க்கக் கூட்டுத்தொகையை `Total`-ஆல் பிரியுங்கள்: 1,112,000 / 12,363,500 = .09. இதுதான் η².

F பொருளுண்மையாக வந்ததும் "மூன்று பகுதிகளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன" என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. F சொல்வது எல்லாச் சராசரிகளும் சமமல்ல என்பதை மட்டும். எந்தச் சோடி வேறுபடுகிறது என்பதற்குத் தூக்கி அட்டவணை வேண்டும். இந்தத் தரவில் இரண்டு சராசரிகளுக்கு இடையே ஏறக்குறைய 165 கிலோ இடைவெளி இருந்தால்தான் தூக்கி முறையில் 5% மட்டத்தைத் தாண்டும். தலைக்கும் கடைக்கும் 230 கிலோ, தாண்டுகிறது. தலைக்கும் நடுவுக்கும் 70, தாண்டவில்லை. நடுவுக்கும் கடைக்கும் 160, மயிரிழையில் தாண்டவில்லை.

அந்த 160-ஐ என்ன செய்வது? "வேறுபாடு இல்லை" என்றும் எழுதக்கூடாது, "ஏறத்தாழப் பொருளுண்மையானது" என்றும் எழுதக்கூடாது. வேறுபாட்டைக் கிலோவில் சொல்லி, இந்த மாதிரியில் அது புள்ளிவிபர ரீதியாக உறுதிப்படவில்லை என்று எழுதுங்கள். தூக்கியை விட்டுச் சோடி சோடியாக t சோதனை போட்டு அதைப் பொருளுண்மையாக்கும் ஆசை வரும். மூன்று தடவை சோதித்தால் தற்செயலாக ஒன்று மாட்டும் வாய்ப்புக் கூடும். அதைத் தடுக்கத்தான் தூக்கி இருக்கிறது.

> காலபோகச் சராசரி விளைச்சல் மூன்று பகுதிகளுக்கும் இடையில் பொருளுண்மையாக வேறுபட்டது, F(2, 117) = 5.78, p = .004, η² = .09. தூக்கி ஒப்பீட்டின்படி தலைப்பகுதியின் விளைச்சல் (M = 1850, SD = 300) கடைப்பகுதியைவிட (M = 1620, SD = 320) ஏக்கருக்கு 230 கிலோ கூடுதலாகும், 95% நம்பிக்கை இடைவெளி [65, 395]. நடுப்பகுதி (M = 1780, SD = 310) மற்றைய இரண்டிலிருந்தும் பொருளுண்மையாக வேறுபடவில்லை; கடைப்பகுதியுடனான வேறுபாடு 160 கிலோ.

## 6. இணைபு: முதலில் படம், பிறகு எண்

```
GRAPH /SCATTERPLOT(BIVAR)=thooram WITH vilaichal.
CORRELATIONS /VARIABLES=thooram vilaichal /PRINT=TWOTAIL NOSIG.
```

முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் ஓட்டாதீர்கள். r நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். ஓரளவு தூரம் வரை விளைச்சல் மாறாமல் இருந்து பிறகு சடாரென்று விழுந்தால் r அதைக் குறைத்துக் காட்டும். புள்ளிப் படத்தில் அது உடனே தெரியும். ஏற்றும்போது 1750-க்குப் பதில் 17500 என்று அடித்த ஒரே ஒரு வரியும் r-ஐத் தலைகீழாக்கப் போதும். படத்தில் அது தனியே உயரத்தில் நிற்கும். அப்படி ஒன்றைக் கண்டால் நிரப்பிய வினாக்கொத்தை எடுத்துப் பாருங்கள். தட்டச்சுப் பிழையென்றால் திருத்துங்கள். உண்மையிலேயே அவர் சொன்ன எண்ணென்றால் நீக்காமல் வைத்து, ஸ்பியர்மனையும் ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் உதாரணத்தில் r = −.28. குறி எதிர்மறை: தூரம் கூட விளைச்சல் குறையும் போக்கு. r²-ஐக் கணக்கிட்டால் .08; விளைச்சலின் மாறுபாட்டில் ஏறத்தாழ 8% தூரத்தோடு சேர்ந்து போகிறது, மிகுதி 92% வேறெதிலோ இருக்கிறது. மண், பசளை, விதையினம், களை என்று பலதும் அங்கே உண்டு. வெளியீட்டில் r-க்குப் பக்கத்தில் வரும் இரட்டை நட்சத்திரத்தைப் பார்த்து "மிக வலுவான தொடர்பு" என்று எழுதுகிறார்கள். நட்சத்திரம் p-யுடையது. வலுவைச் சொல்வது r.

> துருசிலிருந்தான தூரத்துக்கும் காலபோக விளைச்சலுக்கும் இடையில் பலவீனமான முதல் நடுத்தரமான எதிர்மறை இணைபு காணப்பட்டது, r(118) = −.28, p = .002, 95% நம்பிக்கை இடைவெளி [−.44, −.11].

ஆ-வும் இ-யும் கிட்டத்தட்ட ஒரே விடயத்தை இரண்டு விதமாகக் கேட்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள், η² .09, r² .08. இவற்றை இரண்டு தனிக் கண்டுபிடிப்புகளாக முடிவுரையில் எண்ண வேண்டாம். வாய்க்காலில் தலை, நடு, கடை என்ற பிரிவு நீர்ப் பங்கீட்டில் உண்மையாகவே இருப்பதால் அனோவாவுக்கு நியாயம் உண்டு. அப்படி இல்லாத இடத்தில், வயதையோ தூரத்தையோ நீங்களாகவே மூன்றாக வெட்டி அனோவா போடுவது கையிலுள்ள தகவலை வீணாக்குவது. எண்ணை எண்ணாகவே விட்டு இணைபு போடுங்கள்.

## 7. கையளிக்குமுன் எண்களைச் சரிபாருங்கள்

எஸ்பிஎஸ்எஸ் `Sig.` நிரலில் .000 என்று காட்டினால் p < .001 என்று எழுதுங்கள், p பூச்சியமாவதில்லை. ஏபிஏ முறையில் p-யும் r-உம் 1-ஐத் தாண்டாதவை என்பதால் புள்ளிக்கு முன் பூச்சியம் போடுவதில்லை. உங்கள் துறை வேறு முறை கேட்டால் அதையே முழுவதும் ஒரே சீராகப் பின்பற்றுங்கள். பொருளுண்மையாக வராத சோதனையையும் அதே வடிவில் எண்ணோடு எழுதுங்கள். "தொடர்பு இல்லை என நிரூபிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். சூனியக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே அங்கே சொல்லக்கூடியது.

பிறகு அடைப்புக்குறிக்குள் இருக்கும் சுயாதீனப் பாகைகளைக் கூட்டிப் பாருங்கள். கை வர்க்கத்தில் (வரிசை − 1) × (நிரல் − 1): 2 × 1 = 2. அனோவாவில் இரண்டு எண்ணையும் கூட்டி ஒன்று சேர்த்தால் ஆட்களின் தொகை வர வேண்டும்: 2 + 117 + 1 = 120. இணைபில் இரண்டு சேர்க்க வேண்டும்: 118 + 2 = 120. உங்கள் ஆய்வேட்டில் F(2, 109) என்று வந்தால் அந்தச் சோதனையில் 112 பேர்தான் இருக்கிறார்கள். எட்டுப் பேரின் விளைச்சல் வெற்றாக இருக்கிறது. அவர்கள் யாரென்று போய்ப் பாருங்கள். எட்டுப் பேரும் கடைப்பகுதிக்காரராகவும், பயிர் அழிந்து அறுவடையே இல்லாததால் கட்டம் வெறுமையாக விடப்பட்டவர்களாகவும் இருந்தால், அவர்களின் விளைச்சல் 0 கிலோ. அது விடுபட்ட தரவு அல்ல. அதைத் திருத்தி ஏற்றினால் சராசரி, லெவீன், F மூன்றும் மாறும். ஐந்தாம், ஆறாம் படிகளைத் திரும்பச் செய்த பிறகே அத்தியாயத்தைக் கையளியுங்கள்.